கதையின் வரிசையும் படப்பிடிப்பின் வரிசையும்

1952ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் சத்தியஜித் ராய் தமது முதற் படமாகிய 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்பைத் தொடங்கினார். வங்காள நாட்டுப்புறத்தில், வெண்ணிறப் பூக்கள் நிறைந்த நாணற்காடொன்றில், அப்பு, துர்க்கா என்னும் சிறுவர் இருவரும் புகைவண்டியைக் காணச் செல்லும் காட்சியே முதலிற் படமாக்கப்பட்டது. ஒரு நாளில் அக்காட்சியின் ஒரு பகுதியே முடிந்தது. எஞ்சியதை எடுப்பதற்கு ஒரு வாரம் கழித்துச் சென்றபோது அங்கே பூக்கள் இல்லை. இடைப்பட்ட நாள்களில் மாடுகள் புகுந்து அவற்றை மேய்ந்துவிட்டன. மறு ஆண்டு அப்பூக்கள் மீண்டும் மலருங்காறும் அக்காட்சி குறையாகவே கிடந்தது.

இந்நிகழ்ச்சி திரைப்படக் கலையைப் பயில்வோர் பலரும் அறிந்ததே. இதன்கண் எம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. திரைக்கதையில் அக்காட்சி சில வரிகளே. ஆயின் அச்சில வரிகளுள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிட்டும் ஒரு பொருள் அடங்கியிருந்தது. கதையைப் படிப்பவர் கண்ணுக்கு எல்லா வரிகளும் ஒரு தன்மையனவாகவே தோன்றும். படம் எடுப்பவருக்கோ ஒரு வரி எளிதிற் கிடைப்பது. மற்றொரு வரி அரிதிற் கிடைப்பது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே கண்டறிந்து, அரியதை முதலில் வைத்து நாள்களை வகுக்க உதவும் கருவியே பிரேக்டவுன் தாள் என்று திரைப்படத்தார் வழங்கும் பிரிப்புத் தாளாகும். அதனை ஆக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும், சிறு திரைக்கதை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

காட்சி என்பது யாது?

பிரிப்பு வேலைக்கு முதற்படி, திரைக்கதையைக் காட்சிகளாகப் பகுத்து இலக்கமிடுவது. இங்கே காட்சி என்பதற்கு இலக்கியப் பொருள் இல்லை. நடைமுறைப் பொருளே உண்டு. இடம் மாறினால் புதிய காட்சி. காலம் மாறினாலும் புதிய காட்சி. ஒருவர் அறைக்குள் பேசிக்கொண்டே விறாந்தைக்கு வந்துவிட்டால், பேச்சு அறாவிடினும் காட்சி இரண்டாகும். ஏனெனில் விளக்குகளையும் கமராவையும் பெயர்த்து வைக்க வேண்டும்; அறையை ஒரு நாளும் விறாந்தையை வேறொரு நாளும் எடுக்க நேரலாம். அவ்வாறே இருவர் தொலைபேசியிற் பேசும் பகுதி, திரையில் ஒன்றாகத் தோன்றினும், தாளில் இரண்டு காட்சிகளாகும்.

ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் மூன்று செய்திகள் இடம்பெறல் வேண்டும்: உள்ளிடமா வெளியிடமா, எந்த இடம், பகலா இரவா. ஒருமுறை இட்ட இலக்கத்தை மாற்றலாகாது. ஐந்தாம் காட்சிக்குப் பின் புதிதாக ஒன்று சேர்ந்தால் அதனை 5அ என்க. ஒன்று நீக்கப்பட்டால் அதன் இலக்கத்தை நிறுத்தி, 'நீக்கப்பட்டது' என்று எழுதுக. இலக்கங்களை மாற்றியமைத்தால், பழைய பிரதியை வைத்திருப்பவர் ஒரு காட்சிக்கும் புதிய பிரதியை வைத்திருப்பவர் வேறொரு காட்சிக்கும் ஆயத்தமாகி வருவர்.

இனிக் காட்சியின் நீளத்தை அளத்தல் வேண்டும். திரைக்கதைப் பக்கம் ஒன்றை எட்டுச் சமபங்குகளாகக் கொண்டு, ஒரு காட்சி எத்தனை எட்டில் அடங்குகின்றது என்று கணிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஒரு பங்கு ஏறக்குறைய ஓர் அங்குல உயரம். ஒரே வரியாயினும் அக்காட்சிக்கு ஓர் எட்டில் ஒன்று என்றே கணக்கு. முறைப்படி எழுதப்பட்ட ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பர். எனினும் இவ்வளவு படத்தின் நீளத்தைக் காட்டுமேயன்றி உழைப்பின் நீளத்தைக் காட்டாது. 'கிராமம் தீப்பற்றி எரிகின்றது' என்னும் வரி ஓர் எட்டில் ஒன்றே. அதனைப் படமாக்க இரண்டு நாள் போதாமற் போகலாம். ஆதலால் அளவின் அருகே 'கடினம்' என்று குறித்து வைப்பதும் இன்றியமையாதது.

ஒரு சிறு திரைக்கதை

எடுத்துக்காட்டிற்காக யாம் புனைந்துகொண்ட திரைக்கதை 12 பக்கங்கள் கொண்டது. ஒன்பது காட்சிகள் உடையது. தந்தை தொழிலின் பொருட்டு வெளியூர் செல்கின்றார். மகன் கண்ணன், தாய், அப்பப்பா ஆகிய மூவரும் வீட்டில் இருக்கின்றனர். தந்தையிடமிருந்து கடிதம் ஒன்று வருகின்றது. அப்பப்பா நோயுற்று இறக்கின்றார். ஓராண்டு கழித்துத் தந்தை திரும்புகின்றார். காட்சிகள் வருமாறு:

1. வெளி, பகல், குறிகட்டுவான் இறங்குதுறை. தந்தை விடைபெறல். 1 2/8 பக்கம்.
2. உள், இரவு, வீடு. தாயும் அப்பப்பாவும் பேசுதல், கண்ணன் உறங்குதல். 1 4/8.
3. உள், பகல், வகுப்பறை. கண்ணன், ஆசிரியை, மாணவர். 1 6/8.
4. வெளி, பகல், வீட்டு விறாந்தை. தபாற்காரர் அப்பப்பாவிடம் கடிதம் கொடுத்தல். 6/8.
5. உள், பகல், வீடு. கண்ணன் அப்பப்பாவுக்குக் கடிதத்தை வாசித்தல். 2.
6. வெளி, மாலை, இறங்குதுறை. கண்ணன் தனியே காத்திருத்தல். 4/8.
7. உள், இரவு, வீடு. அப்பப்பாவின் நோய்; வைத்தியர் வருதல். 2 2/8.
8. உள், பகல், வகுப்பறை. அப்பப்பா இறந்தபின் கண்ணன் வகுப்புக்குத் திரும்புதல். 6/8.
9. வெளி, பகல், இறங்குதுறை. தந்தை திரும்புதல். 1 2/8.

ஒன்பது அளவுகளையும் கூட்டினால் 96 எட்டிலொரு பங்குகள், அஃதாவது 12 பக்கங்கள் வருதல் வேண்டும். வாராவிடின் ஏதோ ஒரு காட்சி விடுபட்டது அல்லது இருமுறை எண்ணப்பட்டது என்று அறிக. இதுவே முதற் சோதனை.

இக்கதையை எழுதிய வரிசையிலேயே எடுக்கப் புகுந்தால் யாது நிகழும்? துறை, வீடு, வகுப்பறை, வீடு, துறை, வீடு, வகுப்பறை, துறை எனக் குழுவினர் ஏழு முறை இடம்பெயர வேண்டும். இடந்தோறும் சேர்த்து எடுத்தால் இரண்டு முறையே பெயர்தல் போதும். தந்தையாக நடிப்பவருக்கோ முதற் காட்சியிலும் இறுதிக் காட்சியிலுமே வேலை; கதை வரிசையில் எடுத்தால் அவர் முதல் நாளும் கடைசி நாளும் வந்து, இடைநாள்களில் வீணே காத்திருப்பார்.

தாளை நிரப்புதல்

காட்சி ஒன்றுக்குத் தாள் ஒன்று. பல காட்சிகளை ஒரே தாளில் நெருக்கி எழுதுவோர் பின்னர் அவற்றை இடம் மாற்றி அடுக்க இயலாது இடர்ப்படுவர். முதலில் திரைக்கதையைக் கையில் எடுத்து, நடிகர்களுக்குச் சிவப்பும், துணை மாந்தர்க்குப் பச்சையும், கைப்பொருள்களுக்கு ஊதாவும் என வெவ்வேறு நிறத்தால் அடிக்கோடிட்டுச் செல்வர். பின்னர் அக்கோடிட்ட சொற்களைத் தாளின் உரிய கட்டங்களுக்கு மாற்றுவர். ஆறாங் காட்சியின் தாள் இவ்வாறு அமையும்:

காட்சி: 6. அளவு: 4/8 பக்கம்.
தலைப்பு: வெளி, மாலை, குறிகட்டுவான் இறங்குதுறை.
கதைநாள்: மூன்றாம் நாள்; 4, 5 ஆம் காட்சிகளின் அதே நாள்.
நிகழ்வு: படகு வருகின்றது, தந்தை வரவில்லை.
நடிகர்: கண்ணன், படகோட்டி.
துணை மாந்தர்: படகிலிருந்து இறங்குவோர் எண்மர்.
உடை: கண்ணன் 5ஆம் காட்சியில் உடுத்த அதே சட்டை.
கைப்பொருள்: தந்தையின் கடிதம், மடித்துக் கசங்கியது.
ஊர்தி: இயந்திரப் படகு ஒன்று.
ஒலி: காற்று, அலை, பேச்சு இல்லை.
குறிப்பு: மாலை ஒளி ஏறத்தாழ ஒரு மணி நேரமே நிற்கும்.

இத்தாளில் உள்ளவற்றுட் பல திரைக்கதையில் இல்லை என்பதை வாசகர் நோக்குக. திரைக்கதையில், 'கண்ணன் கடிதத்தைப் பிடித்தபடி நிற்கின்றான். படகு வருகின்றது' என்னும் இரு வரிகளே உண்டு. படகு வந்தால் அதிலிருந்து இறங்குவோர் வேண்டும் என்பதும், சட்டை அதே சட்டையாதல் வேண்டும் என்பதும் தாளை நிரப்புபவர் தமக்குத் தாமே வினவிக் கண்டவை. தாளின் பயன் எழுதியதைப் பெயர்த்தெழுதுவதில் இல்லை. எழுதாததை வினவுவதிலே உண்டு.

கட்டங்களுள் எளிதிற் புறக்கணிக்கப்படுவது கதைநாள். கதைக்குள் எத்தனையாவது நாள் என்பதை அது கூறும். உடையும், தாடியும், காயமும், பொருளின் பழமையும் இக்கதைநாளைப் பற்றியே மாறும். படப்பிடிப்பு நாளைப் பற்றி மாறா. இது எழுதப்படாத தாள்களைக் கொண்டு நாள் வகுத்தால், கண்ணன் வீட்டில் நீலச் சட்டையோடு புறப்பட்டுத் துறையில் வெள்ளைச் சட்டையோடு நிற்பான். அது தொகுப்பு மேசையிலேயே புலப்படும். அப்போது திருத்த வழியில்லை.

மற்றொரு தவறு, பேசாத மாந்தரை விட்டுவிடுதல். இரண்டாங் காட்சியிற் கண்ணனுக்கு வசனம் ஒன்றும் இல்லை, அவன் உறங்குகின்றான். வசனங்களை மட்டும் பார்த்து நடிகர் பெயர் எழுதுபவர் அவனை விட்டுவிடுவர். இதனைக் கண்டறியும் வழி எளிது. தாள்கள் அனைத்தும் முடிந்தபின், ஒவ்வொரு நடிகருக்கும் அவருடைய காட்சி இலக்கங்களை வரிசையாக எழுதி, திரைக்கதையை மீண்டும் ஒருமுறை அந்நடிகர் ஒருவரையே மனத்திற் கொண்டு வாசித்தல் வேண்டும்.

அரியதை முதலில் வைத்தல்

தாள்கள் முடிந்தபின் காட்சி ஒவ்வொன்றையும் ஒரு காகிதக் கீற்றில் எழுதிப் பலகையில் அடுக்குவது பழைய முறை. உள்ளிடப் பகலுக்கு வெள்ளை, வெளியிடப் பகலுக்கு மஞ்சள், உள்ளிட இரவுக்கு நீலம், வெளியிட இரவுக்குப் பச்சை என நிறம் வகுப்பது பெருவழக்கு. இன்று கணினித் திரையில் அதே கீற்றுகளையே நகர்த்துகின்றனர். கருவி மாறினும் வினா மாறவில்லை: எது மிக அரியது?

எமது எடுத்துக்காட்டில் நிபந்தனைகள் நான்கு எனக் கொள்வோம். தந்தையாக நடிப்பவர் கொழும்பில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளே வர இயலும். வகுப்பறை சனிக்கிழமை மட்டும் கிடைக்கும். ஏனைய நாள்களில் அங்கே விடுமுறை வகுப்புகள் நடக்கின்றன. அப்பப்பாவாக நடிப்பவர் முதியவர். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவரை நிறுத்தலாகாது. சிறு குழுவாதலால் நாளொன்றுக்கு மூன்று பக்கங்களே இயலும்.

பன்னிரண்டு பக்கங்களை மூன்றால் வகுக்க நான்கு நாள்கள் வரும். வகுப்பறைக் காட்சிகள் 3, 8 இரண்டும் 2 4/8 பக்கம், அவை சனிக்கிழமைக்குரியன. துறைக் காட்சிகள் 1, 6, 9 மூன்றும் 3 பக்கம்; தந்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குரியன. எஞ்சிய வீட்டுக் காட்சிகள் நான்கும் 6 4/8 பக்கம். திங்கள், செவ்வாய் இரு நாள்களுக்குரியன. அரிய இரண்டையும் முதலிற் பொருத்தியபின், எஞ்சியவை தாமே தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டன.

இனி ஒவ்வொரு நாளின் உள்ளும் வரிசை காண வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். முதற் காட்சியில் தந்தை மழித்த முகத்தினர். ஓராண்டு கழித்து, ஒன்பதாங் காட்சியில், தாடியோடு திரும்புகின்றார். ஒரே நாளில் இரண்டையும் எடுக்க வேண்டும். தாடியை மழிக்க ஐந்து நிமிடம் போதும். வளர்க்க ஒரு மாதம் வேண்டும். ஆகவே நடிகர் தாடியோடு வந்து, காலையில் ஒன்பதாங் காட்சியை முடித்து, மழித்துக்கொண்டு, பிற்பகலில் முதற் காட்சியை நடித்தல் வேண்டும். ஆறாங் காட்சி மாலை ஒளியை வேண்டுவதாதலின் இறுதியில் நிற்கும். ஒட்டுத் தாடியும் செலவும் இன்றி இச்சிக்கல் தீர்ந்தது. ஆயின் ஒரு மாதத்துக்கு முன்னரே நடிகருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். இச்செய்தி படப்பிடிப்புக்கு முதல் நாள் தெரிந்தாற் பயன் யாது?

வீட்டுக் காட்சிகளில் வேறொரு நுட்பம் உண்டு. உள்ளிட இரவுக் காட்சியை இரவிலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலும் எடுக்கலாம். இரண்டாங் காட்சிக்கு இது பொருந்தும். ஏழாங் காட்சிக்குப் பொருந்தாது. வைத்தியர் வாயிற் கதவைத் திறந்து வரும்போது வெளிப்புறம் தெரியும். ஆகவே திங்கட்கிழமை 5ஆம் காட்சியும், பின்னர் யன்னல் மூடி 2ஆம் காட்சியும் எடுத்தால் 3 4/8 பக்கம். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 4ஆம் காட்சியும், இருள் சூழ்ந்தபின் 7ஆம் காட்சியும் எடுத்தால் 3 பக்கம். ஏழாங் காட்சியில் அப்பப்பாவின் முகத்தைக் காட்டும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டால், ஒன்பது மணிக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். திங்கட்கிழமைக்கு அரைப் பக்கம் மிகுந்துள்ளமையை மறைத்தலாகாது. அது இருவர் மட்டும் அமர்ந்து பேசும் காட்சிகளையே உடைய நாளாதலின் தாங்கும்.

இவ்வாறு அடுக்கியபின் நடிகர் நாள் அட்டவணை தானே பிறக்கும். கண்ணனுக்கு நான்கு நாள்; தாய்க்கும் அப்பப்பாவுக்கும் ஞாயிறு முதல் செவ்வாய் வரை மூன்று நாள்; ஏனையோர் ஐவருக்கும் ஒவ்வொரு நாள். வந்து வீணே காத்திருக்கும் நாள் எவருக்கும் இல்லை.

கடிதத்தின் கதை

மேற்கூறிய அடுக்கில் ஒரு வியப்பு மறைந்துள்ளது. கதையில் அக்கடிதம் நான்காங் காட்சியில் ஒட்டிய உறையோடு வருகின்றது; ஐந்தில் பிரிக்கப்படுகின்றது; ஆறில் கசங்குகின்றது; ஒன்பதில் மடிப்புகள் தேய்ந்து தந்தையிடம் காட்டப்படுகின்றது. படப்பிடிப்பிலோ ஞாயிறு காலை 9, மாலை 6, திங்கள் 5, செவ்வாய் 4. அஃதாவது கடிதம் தேய்ந்ததாகத் தொடங்கி, புதியதாக முடிகின்றது. கதைக்கு முற்றிலும் தலைகீழ்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே ஒரே கையெழுத்தில் குறைந்தது நான்கு பிரதிகள் எழுதப்பட்டு, அவற்றுள் ஒன்று தேய்க்கப்பட்டும் ஒன்று கசக்கப்பட்டும் இருத்தல் வேண்டும். கடிதத்தின் வாசகமும் அப்பொழுதே முடிவாதல் வேண்டும்; திங்கட்கிழமை கண்ணன் வாசிக்கும்போது ஒரு வரியை மாற்ற நெறியாளர் விரும்பினால், முதல் நாள் படமாகிய கடிதத்தில் அவ்வரி பழையபடியே இருக்கும். இதனை எவரும் திரைக்கதையைப் படித்துக் கண்டுகொள்ளார். நான்கு தாள்களின் கைப்பொருட் கட்டங்களையும் படப்பிடிப்பு வரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழாக ஒருமுறை வாசிப்பவரே காண்பர்.

அட்டவணை காவாதவை

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மழை பெய்தால் வெளிக்காட்சிக்கு மாற்றாக எடுக்க உள்ளிடக் காட்சி ஒன்றை ஆயத்தமாக வைப்பது வழக்கம். ஞாயிறன்று துறையில் மழை பெய்தால், கண்ணனும் அப்பப்பாவும் அங்கிருப்பதால், வீட்டிற் சென்று ஐந்தாங் காட்சியை எடுக்கலாம், நாள் வீணாகாது. ஆனால் தந்தை அன்றிரவே கொழும்புக்குத் திரும்புவார். அவருடைய இரு காட்சிகளும் மறு ஞாயிற்றுக்கே தள்ளும். அரிய பொருள் ஒரே நாளில் தங்கியிருக்கும்போது மாற்றுக் காட்சி செலவைக் குறைக்குமேயன்றி அப்பொருளை மீட்டுத் தராது. ஆகையால் அவ்விரண்டாம் ஞாயிற்றையும் நடிகரிடம் முன்னரே கேட்டு வைத்தல் அறிவுடைமை.

இடத்துக்குரிய காலமும் அவ்வாறே. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் குறிகட்டுவான் துறையை நிறைத்துவிடும். அப்போது தனியே நிற்கும் சிறுவனைப் படமாக்க இயலாது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் துறையிற் பேசும் பேச்சு ஒலிவாங்கியிற் காற்றோடு கலந்துவிடும். முதலாம், ஒன்பதாங் காட்சிகளிற் பேச்சு உண்டு. ஆதலின் ஒலிக் கட்டத்தில் அதனைக் குறித்து, வேண்டுமாயின் அப்பேச்சைப் பின்னர் அமைதியான இடத்திற் பதிவுசெய்ய நடிகரின் நேரத்தையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராயின் படத்துக்குத் திரும்புவோம். பணமின்மையால் பலமுறை நின்று நின்று, அப்படம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முற்றுப்பெற்று 1955இல் வெளிவந்தது. அக்காலத்தில் அப்புவின் குரல் உடையவில்லை. துர்க்கா வளர்ந்து பெரியவளாகவில்லை. முதிய கிழவியாக நடித்த சுனிபாலா தேவி படம் முடியுமுன் இறக்கவில்லை. இம்மூன்றும் தமக்கு வாய்த்த அற்புதங்கள் என்று ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மிட்டாய் விற்பவராக நடித்தவரோ இடையில் இறந்துபோகவே, எஞ்சிய பகுதியை வேறொருவரை முதுகுப்புறமாகக் காட்டி முடிக்க நேர்ந்தது. வளரும் சிறுவர், முதியவர், பூக்கும் நாணல் ஆகியவை எந்தத் தாளில் எழுதினும் காலத்தோடு செல்வனவே. அவற்றை நிறுத்தத் தாளால் இயலாது. எவை நில்லாதவை என்று காட்டி, அவற்றை முதலில் எடுக்கச் சொல்லவே இயலும். மாடுகள் மேய வருமுன் பூக்களின் காட்சியை முடித்துக்கொள்வது எடுப்பவர் கையில் உள்ளது.